இடப்பக்கத்து நிழல்

கல்லுக்கட்டிப் பக்கம் எந்த வீட்டில் ஃப்யூஸ் போனாலும் இஞ்ஞாசிமுத்துவைத்தான் தேடுவார்கள். ஊர் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்ட மனிதர், தன் வீட்டு அடுப்படியை மட்டும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. "எலக்ட்ரீசியன் பொண்டாட்டி இருட்டுல காய் நறுக்குறா" என்று அவர் மனைவி பவுலின் கேலி பேசுவாள்.

அந்தச் சித்திரையில் கேலி நின்றுபோனது. இடது கை விரலை அவள் அடுத்தடுத்து அறுத்துக்கொண்டாள்.

"பலகைக்கு இடப்பக்கம் நிழலு விழுதுங்க. விரலே தெரிய மாட்டேங்குது."

கூரை டியூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேடை முன்னால் நின்றால் அவள் நிழல் அவள் கை மேலேயே விழும். இதுதானா சங்கதி என்று, மேல் அலமாரிக்கு அடியில், சுவரை ஒட்டி, இரண்டடி டியூப் ஒன்றை அவசரமாக மாட்டினார். சுவர் டைல்ஸ் கண்ணைக் கூசவைத்தது. பலகை இருக்கும் முன்பக்கம் மங்கலாகவே கிடந்தது.

"இடப்பக்கம் இன்னும் இருட்டாத்தாங்க இருக்கு."

"பிள்ளையார்பட்டி வேலைய முடிச்சுட்டு வந்து மாத்துறேன், பொறு."

அந்த வேலை ஒரு வாரத்தை விழுங்கியது. திரும்பி வந்ததும் டியூபை அலமாரியின் முன்விளிம்புக்கு நகர்த்தினார். இடப்பக்கத்துக்கென்று இன்னொன்றை அதன் நுனியோடு நுனி சேர்த்து மாட்டினார். கண்ணில் படாமல் மறைக்க முன்னால் ஒரு மரப்பட்டை அடித்தார். ஸ்விட்சைப் போட்டதும் மேடை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராக வெளுத்தது. பலகைக்கு மேல் கையை நீட்டி விரலை விரித்துப் பார்த்தார். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பவுலின் கத்தியோடு வந்து நின்றாள். "வலப்பக்கம் நல்லாருக்குங்க. இடப்பக்கத்து நிழலுதான் முன்னைக்கு இப்பப் பெரிசா இருக்கு."

"இதுக்கு மேல சூரியனத்தான் கொண்டாந்து மாட்டணும்!" என்று சீறினார்.

அவள் தலையை நிமிர்த்திச் சன்னல் பக்கம் திருப்பினாள். அவளுக்கு இடப்புறம், காலை வெயில் முகத்தில் அடிக்க, அவர் நின்றிருந்தார்.

"இப்ப நிழலு ஒங்க மேல விழுதுங்க" என்றாள்.

வெயில் அடிக்கிற முகத்தில் ஏது நிழல், இருட்டு அவள் கண்ணில்தான் என்று அவருக்கு உறைத்தது. கத்தியை வாங்கி வைத்துவிட்டு, அவளுடைய இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

"அட, நிழலு போயிருச்சுங்க!" பவுலின் சிரித்தாள். விளக்கை ஏதோ சரிபண்ணிவிட்டார் என்றே நினைத்தாள்.

அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சன்னலோரம் வேண்டாமென்று அவளை நடைபாதைப் பக்கம் உட்காரவைத்து, சன்னலுக்கும் அவளுக்கும் நடுவே, அவளுக்கு இடப்பக்கம் அவர் உட்கார்ந்தார். டியூபை நகர்த்தியே வீணாக்கிய நாட்களெல்லாம் அவர் நெஞ்சை அறுத்தன. திருப்பத்தூர் தாண்டியதும் அவள் இடது கை பக்கத்துச் சீட்டைத் தடவியது.

"எங்குட்டு இருக்கீக?"

"இங்குட்டுத்தான் இருக்கேன்" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.