ஐம்பத்தெட்டுக் கட்டிகள்

எங்கள் மீனவர் சங்கத்தின் ஐஸ் அறைக் கதவு திறக்கப்படும்போது வெண்ணிற ஆவி தரையோடு தவழ்ந்து வந்து, வாசல் வெயிலில் கரைந்து மறையும். அதற்கப்பால் துறைமுகம் விரிந்திருக்கும். நங்கூரமிட்ட கப்பல்கள் நீரிலா வானிலா நிற்கின்றன என்று சில காலைகளில் என்னால் பிரித்தறிய இயலாது. செயலாளராகிய நான், அந்த ஆவியைப் பார்த்தவாறே ஆறு மாதத் திட்டத்தை மீளாய்வு செய்த நாளை இங்கு எழுதுகின்றேன்.

சித்திரையில் ஐஸ் அறையைத் தொடங்கியபோது திட்டத்தை நானே வரைந்தேன். இருபத்தைந்து படகுகள், படகொன்றுக்கு இரண்டு கட்டிகள், ஆக நாளொன்றுக்கு ஐம்பது. மற்றையோருக்குப் பத்து. மொத்தம் அறுபது. கார்த்திகையில் காற்று எழுந்தால் படகுகள் கரையேறிவிடும். ஆகவே ஐப்பசி முடிவில் அறையைப் பூட்டி, மாசியில் திறப்பது. அதுவரை அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வேலையில்லை. திட்டத்தில் அது ஒற்றை வரியாக இருந்தது. பாடசாலை செல்லும் இரு பிள்ளைகளை அவள் தனியே வளர்த்து வந்தாள் என்பது அந்த வரியில் இல்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் நானும் தலைவரும் அவளுமாக மூவரும் வாசலில் கதிரைகளைப் போட்டு அமர்ந்தோம். தலைவர், அவள் எழுதிவந்த கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

“நாளுக்கு ஐம்பத்தெட்டு. ஐயா அறுபது எண்டு எழுதினனீங்கள். கிளி பார்த்துச் சாத்திரம் சொல்லுறவனும் உங்களிட்டத் தோத்துப்போவான்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் தொடர்ந்தார்: “அப்ப திட்டம் சரி. மாசக் கடைசியில பூட்டுவம். தங்கச்சி, குறை நினைக்காதையும்.”

“நினைக்கேல்லை அண்ணை,” என்றாள் அவள். “ஆனா மொத்தத்தை மட்டும் பாக்காதேங்கோ. ஒவ்வொரு பத்தியா கூட்டிப் பாருங்கோ.”

கூட்டினேன். படகுகள் எடுத்தவை நாளுக்கு முப்பத்தொன்று மட்டுமே. ‘இதர’ என்று நான் தலைப்பிட்ட ஒடுங்கிய பத்தியில் இருபத்தேழு. இடம் போதாமல் அவள் எண்களை ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள். இரு ஊகங்களும் பிழையாகி, ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகை மறைத்திருந்தது. அந்த வெண்ணிற ஆவி என் கால்களைச் சுற்றி வந்தது. என் எண்களும் அதைப் போலவே உருவங் கலைவதாகத் தோன்றியது.

“படகுகள் குறைவாப் போனதே?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லை. கடலுக்குப் போன நாளுகளின்ர எண்ணிக்கை சரி. விடியமுன்னம் போய் வெயில் ஏறமுன்னம் வந்திடுறாங்கள். ஒரு கட்டி போதும் அவங்களுக்கு. பின்கதவால வாறவங்கள்தான் மிச்சத்தை எடுக்கிறது,” என்றாள் அவள்.

பின்கதவால் வருவோர், பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பவர்கள். நாங்கள் அனைவரும் கடலுக்குப் போனவர்களாதலால், ஐஸ் என்றால் படகு என்றே எண்ணிவிட்டோம். முதுகுப் பக்கம் நின்றவர்களை எண்ணவில்லை.

அந்நேரம் கிண்ணியா ஊரிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பின்கதவில் வந்து நின்றார். தலைவர் அவரை அழைத்து, “நானா, காத்துக்காலத்தில கடல் பூட்டு. உங்களுக்கு மீன் ஏது?” என்றார்.

“உள்குடாவுல மீன் இருக்கும், களப்புத் தண்ணியில இறால் இருக்கும். மன்னார்ப் பக்கம் அப்பதான் சீசன், லொறியில வரும். மழை எண்டா கப்பல்துறை ஊர் ஆக்கள் மீன் திங்காமலா இருப்பாங்க?” என்றார் அவர். பிறகு அவளிடம் திரும்பி, “பூட்டப் போறாங்களா? அப்ப நாங்க டவுணுக்குப் போய் வரிசையில நிக்கணும்,” என்றார்.

“காத்துக்காலத்தில எத்தனை பேர் ஓடுவியள்?” என்று கேட்டேன்.

“பாதிப் பேர். மழை கூடினா அதுவும் இல்ல.”

வரிகளை அழித்துத் திருத்தினேன். கடல் நாட்களில் படகுக்கு ஒரு கட்டியும் அதற்குச் சற்று மேலும். காற்றுக்காலத்தில் படகுகளுக்கு ஒன்றுமில்லை. வியாபாரிகளுக்கு நாளுக்குப் பதின்மூன்று. ஐஸ் செய்யும் இயந்திரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் போதும். தலைவர் தாடையைத் தடவினார்.

“இதுவும் பிழைச்சா?”

“ஆறு மாசம் காத்திருக்க ஏலாது,” என்றேன். “காத்துக்காலம் தொடங்கி ஒரு மாசத்தில திரும்பப் பாப்பம்.”

“ஓம். அதுவரைக்கும் தங்கச்சி நிக்கட்டும். அரை நாள் வேலை.”

அவள் கொப்பியை வாங்கி, அடிமட்டம் வைத்து, ‘இதர’ என்பதை வெட்டி, அகலமான புதிய பத்தியொன்றைக் கீறினாள்.

கார்த்திகை கழிந்த ஒரு மழைக் காலையில் கப்பல்களெல்லாம் சாம்பல் நிறத்துள் மறைந்திருந்தன. அவள் கொப்பியை என் முன் விரித்தாள். கார்த்திகைச் சராசரி, நாளுக்குப் பதினொன்று. பக்கத்தில், நான் கேளாமலே, காரணம் எழுதியிருந்தது: “ஐந்து நாள் றோட்டில வெள்ளம்.”

“மற்ற நாளுகளில பதின்மூண்டுக்கு மேல ஐயா,” என்றாள். “இனி வெள்ள நாளையும் திட்டத்தில போடுங்கோ.”

பேனாவைத் திறந்தேன். பின்கதவருகே மோட்டார் சைக்கிள் ஒன்றின் சத்தம் மழைக்குள் நெருங்கி வந்தது.