சாமியா வந்து நெல் போடும்?

குடவாசல் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குக் கணினி வேலை. குறுவை அறுவடை முடிந்ததும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டியவர்களுக்கு டோக்கன் பட்டியல் எடுத்துக் கொடுப்பேன். பட்டியலை எடுக்கிற கணினிக் கட்டளை மேலிருந்து எழுதி வந்தது. பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருமே திறந்து பார்த்ததில்லை. எனக்கு அப்படிப் பார்க்காமல் இருக்க முடியாது. மிக்ஸியைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவள் நான். அதனால் தரவுகளிடம் கேள்வி கேட்கிற கணினி மொழியான எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

அன்று ஓர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, என் பேரு மட்டும் வரவே மாட்டேங்குது. நெல்லு களத்துல குவிஞ்சு கெடக்கு. வானத்தப் பாத்தீங்களா?"

பார்த்தேன். கிழக்கே கறுத்துக் கிடந்தது. நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பருவத்து உழைப்பும் முளைவிட்டுப் போகும்.

"பட்டா யாரு பேருல இருக்கு?"

"சாமி பேருலதான். கோயில் நெலம், நாங்க குத்தகை. பயிரு வைக்கிறது நானு. சாமியா வந்து நெல்லு போடும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டளையைத் திறந்தேன்.

இரண்டு அட்டவணைகள். ஒன்றில் விண்ணப்பித்தவரின் பெயர், கிராமம், சர்வே நம்பர் என்கிற புல எண், அதன் உட்பிரிவு. இன்னொன்றில் நில ஆவணம்: அதே கிராமம், புல எண், உட்பிரிவு, கூடவே பட்டாதாரர் பெயர், சாகுபடி செய்பவர் பெயர். இரண்டையும் இணைத்திருந்தது இன்னர் ஜாயின். இரு பக்கமும் பொருந்துகிற வரிசை மட்டும்தான் அதில் வெளியே வரும். ஜோடி கிடைக்காத வரிசை சத்தமில்லாமல் விழுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எதைப் பொருத்திப் பார்த்தார்கள் தெரியுமா? விண்ணப்பித்தவர் பெயரையும் பட்டாதாரர் பெயரையும். அடப்பாவிகளா!

இன்னர் என்பதை லெஃப்ட் என்று மாற்றி ஓட்டினேன். இப்போது விண்ணப்பப் பக்கத்து வரிசைகள் ஒன்றுவிடாமல் வந்தன. பொருத்தம் இல்லாதவற்றுக்கு நில ஆவணப் பக்கம் முழுக்க 'நல்' (null), அதாவது ஒன்றுமில்லை என்று வெறுமையாக நின்றது. வெறுமையானவற்றை மட்டும் வடிகட்டினேன். இந்த அம்மா தனியாக இல்லை. பெயர்களைப் படித்துக் காட்டினேன்; அவர் தெருவே அங்கே நின்றது, எல்லாரும் கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்கள் என்றார்.

பெயரை விட்டுவிட்டுப் புல எண்ணால் இணைத்துப் பார்த்தேன். ஒரே அம்மா பல வரிசைகளில் வந்து நின்றார்! ஒரு நொடி பயந்தேபோனேன். பிறகுதான் உறைத்தது. அதே புல எண் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கும், ஒரே எண்ணுக்குள்ளும் பல உட்பிரிவுகள் இருக்கும். பொருந்துகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வரத்தானே செய்யும். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும், பெயரைச் சாகுபடி செய்பவர் பெயரோடு பொருத்த வேண்டும் என்று எழுதினேன். அந்த அம்மா ஒரே ஒரு வரிசையில், தான் பயிர் வைக்கிற வயலுக்கு நேராக வந்து உட்கார்ந்தார். கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் கையைப் பிசைந்தார்.

"மேலேர்ந்து வந்ததும்மா. நாம கை வைக்கலாமா?"

"ஆவணத்துல ஒரு எழுத்தக்கூட மாத்தல சார். கேள்வியத்தான் சரியா கேட்டிருக்கேன்."

பின்னால் அந்த அம்மா வந்து நின்றது எங்களுக்குத் தெரியவில்லை. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. எந்த வயலில் யார் பயிர் வைக்கிறார்கள் என்று குறித்திருக்கும் அடங்கல் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் வரிசைகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

டோக்கனை அச்சிட்டு நீட்டினேன். வாங்கியவர் உடனே ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. தன் பெயரை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்தக் காலத்துல குத்தகைக்காரங்க போராட்டத்துல, சாகுபடிக்காரன்னு பேரு பதியச் சொல்லிக் கேட்டதுக்குத்தான் எங்க மாமனார அடிச்சாங்க. செயிலுக்குப் போயிட்டு வந்துதான் பதிஞ்சாரு. அவருக்கப்புறம் அது எம்பேருக்கு வந்துச்சு." என் திரையை எட்டிப் பார்த்தார். "அத இந்தப் பொட்டி பாக்கவே இல்லையாம்மா?"

"கேட்டாத்தான் பாக்கும்மா. யாரும் கேக்கல," என்றேன்.

வெளியே முதல் தூறல் விழுந்தது. அவர் டோக்கனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, தார்ப்பாய், தார்ப்பாய் என்று போனில் கத்தியபடி களத்தை நோக்கி ஓடினார்.