அளக்க விடாத மாடி

உமைரா மும்பை செம்பூரில் சமையலறை அலமாரி செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவள். தாராவியில் பாட்டனார் கட்டிய வீட்டை வாப்பாவும் அவர் தம்பி சைஃப் சாச்சாவும் பாகம் பிரிக்கப்போவது தெரிந்ததும், அதற்குள் அந்த வீட்டை அப்படியே வரைந்துவைத்துவிட நினைத்தாள். யாரும் அவளை வரையச் சொல்லவில்லை.

கீழே வாப்பா மன்சூர் அலியின் குடித்தனம், மாடியில் சாச்சாவுடையது. முதலில் கையால் ஒரு கச்சாப் படம் போட்டுக்கொண்டு அளவுநாடாவைப் பிடித்தாள். சுவர்களை மட்டும் அளந்தால் அறையின் வடிவம் வந்துவிடாது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தபோதுதான் அறை கோணலாகச் சந்துப்பக்கம் ஒதுங்கியிருப்பது தெரிந்தது. வாசல் நிலையில் சுவரின் கனம் எடுத்தாள். நாடாவும் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று போட்டோ எடுத்து, எங்கே நின்று எடுத்தது என்று படத்தில் அம்புக்குறி போட்டாள்.

பின்னறையில்தான் வம்பு வந்தது. அங்கே பழைய சுவரும் புதுச்சுவரும் ஒட்டிய தடம் பூச்சில் தெரிந்தது. பிறகு சேர்த்துக் கட்டிய அறை. யார் கட்டியது? வாப்பாவின் அக்கா ஹபீபா மாமியைக் கோபர்கைரனேயிலிருந்து வரவழைத்து, அந்த அறையிலேயே உட்காரவைத்துப் போனில் பதிவு செய்தாள்.

"என் வளையல வித்துக் கட்டுன ரூம்பு புள்ள இது. உன் வாப்பா ஒத்துக்கிட மாட்டான்."

வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பட்டறை லாபத்துல கட்டுனது. அவ சொன்னத அழிச்சிரு."

"ரெண்டு பேர் சொன்னதையும் அவங்கவங்க பேர் போட்டுத்தான் எழுதுவேன் வாப்பா."

"அப்ப இது படம் இல்ல, கேஸ் பேப்பர்."

சத்தம் மாடிக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரும்பு ஏணியில் ஏறிப்போனவளை சைஃப் சாச்சா வாசலிலேயே மறித்தார்.

"மேப் எடுத்து வக்கீல்ட்ட குடுக்கவா?"

"வக்கீலுக்கு இல்ல சாச்சா. நமக்குத்தான்."

"நமக்குன்னா யாருக்கு?"

நாடாவைப் பையில் திணித்தாள். எரிச்சலோடு இறங்கினாள். தன் தங்கையின் நிக்காஹ் ஆல்பத்தில் மாடிக்கூடத்தின் தரை தெரிந்தது. ஓரடி டைல்கள். அவற்றை எண்ணிக் கூடத்தின் அகலத்தை ஊகித்து, புள்ளிக்கோட்டில் வரைந்தாள். உள்ளறை எந்தப் படத்திலும் விழவில்லை.

பாகம் முடிந்து மாடி சாச்சாவுக்கு வந்தது. சில வாரங்கள் கழித்து அவரே போன் செய்தார். மாடியை வாங்க வந்தவர் நீள அகலம் கேட்கிறாராம். "அந்த மேப்ப அனுப்பும்மா."

"அளந்தாத்தானே இருக்கும் சாச்சா? வாரேன்."

போனபோது மாடி ஒரே கூடமாக இருந்தது. வாங்குகிறவர் சொன்னார் என்று உள்சுவரையும் பரணையும் இடித்திருந்தார்கள். செங்கல் சாக்குகள் மூலையில் கிடந்தன. உமைரா கோபத்தோடு நாடாவை எடுத்தாள். வெளிச்சுவர்களை மட்டும் அளந்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"உள்சுவர் எங்க நின்னுச்சு?"

சாச்சா தரையில் காலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு கோடு.

"இங்கனதான், எங்கயோ."