ஆவணி முகூர்த்தம்

கோதைநாயகி ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளி ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு சித்திரை வீதியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா, மனைவியை இழந்தவர். புத்தூரிலிருந்த மாமா ராஜகோபாலன், அவள் கொடுத்த நூறு ரூபாயை முன்பணமாகக் கட்டி, திருவானைக்காவலில் ஒரு கல்யாண மண்டபத்தை ஆவணி முகூர்த்தத்துக்குப் பேசி முடித்தார். ரசீது அவள் பெயரில் இருந்தது.

ஆடி பாதியில் மாப்பிள்ளையிடமிருந்து தகவல் வந்தது. மூத்தாள் பெண்கள் சம்மதிக்கவில்லையாம்.

மண்டபத்தில் சொல்லிவிட்டு வரும்படி மாமாவைக் கேட்டாள். அங்கே போய் நிற்கத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அவளே எழுதினாள்.

"மண்டப மேனேஜர் அவர்களுக்கு வணக்கம். தவிர்க்க முடியாத காரணத்தால் விவாகம் நின்றுவிட்டது. மண்டபம் தேவைப்படாது. முகூர்த்தத்துக்கு முந்தைய முப்பது நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்று ரசீதில் கண்டேன். இன்னும் இருபத்தைந்து நாளே உள்ளன. ஆயினும் அந்தத் தேதியை வேறு யாரேனும் எடுத்துக்கொண்டால், தங்கள் செலவு போக மீதியைத் தரும்படி வேண்டுகிறேன்."

தபாலில் போட மனமில்லை. பஸ் ஏறிப் போய் மேனேஜர் தர்மராஜிடம் நேரில் கொடுத்தாள். அவர் இருமுறை படித்தார். முதலாளி விதியைத் தளர்த்த மாட்டார் என்றார். ஆவணியில் முகூர்த்தம் குறைவு, கேட்டு வருபவர்கள் இருப்பார்களே என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். நேற்றுகூட ஒருவர் கேட்டுவிட்டுப் போனதை அவர் மறைக்கவில்லை. அவர்கள் எடுத்தால் பாதி தரலாம் என்றார்.

"உங்களுக்கு வாடகை முழுசா வந்துடுமேங்க. கால் பங்கை நீங்க பிடிச்சுக்குங்க."

தர்மராஜ் யோசித்தார். "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்மா?"

"நான்தாங்க பொண்ணு."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "முதலாளிகிட்ட நான் பேசுறேன். எடுத்தாங்கன்னா கார்டு போடுறேன். ரசீதை மட்டும் பத்திரமா வச்சிருங்க" என்றார்.

பத்து நாளில் கார்டு வந்தது. ரசீதைக் கொடுத்து, பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டு, எழுபத்தைந்து ரூபாயை வாங்கிக்கொண்டாள். தர்மராஜ் காப்பி வரவழைத்தார். அவள் குடித்தாள். அவர் வேறெதுவும் கேட்காததே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மாமா, பணம் வந்ததா என்று மட்டும் ஆள் விட்டுக் கேட்டார்.

கல்யாணத்துக்கென்று எடுத்திருந்த லீவை அவள் ரத்து செய்யவில்லை. பள்ளியில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். முகூர்த்த நாளன்று குளித்து, சமைத்து, ஒருத்தியாகச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கலாம் என்று மத்தியானம் தோன்றியது. கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.