நாலு அங்குலம் என்று அச்சடித்த பஞ்சு

அக்காவைக் கட்டிக்கொடுத்து பதினேழு வருடமாகியும் என் மச்சான் ஒருமுறைகூட என் வாசல்படி ஏறியதில்லை. அந்தப் பங்குனியில் ஒருநாள் காலையிலேயே வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

"விருத்தாசலத்துல கப்பு கம்பெனிக்காரன் உன்ன கூப்புட்டானாமே?"

"ஆமா மச்சான். இன்னிக்கி வரச் சொல்லியிருக்காரு."

"போ. போயி, பஞ்சு டூப்ளிகேட்டுன்னு மட்டும் சொல்லிட்டு வா. வேற எதயும் நோண்டாத."

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். டீ போட அடுப்பில் பால் வைத்த என் மனைவி அதை இறக்கி வைத்தாள்.

வளைகுடாவில் ஒன்பது வருடம் நான் செய்த வேலை இதுதான். ஏசி குழாய்களுக்கும் கூரைகளுக்கும் சூடு ஏறாமல் கண்ணாடிப் பஞ்சு போர்த்துவது. ஊர் திரும்பிய புதிதில், ஒரு கல்யாணப் பந்தியில், "இவன் அங்க பஞ்சு சுத்திக்கிட்டு இருந்தான், இங்க வந்து இஞ்சினியருன்னு சொல்றான்" என்று மச்சான் சத்தமாகச் சொன்னார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மச்சானுக்கு மங்கலம்பேட்டையில் தகர ஷீட்டும் சீலிங் பலகையும் விற்கும் கடை. ஆள் வைத்து வேலையும் செய்து கொடுப்பார். முந்தைய ஐப்பசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் ஒட்டுக்கூடத்துக்குக் கூரைப் பஞ்சு போட்டவர் அவர்தான். கப்புகளிலும் சாசர்களிலும் பூப்படம் ஒட்டுகிற கூடம் அது. இருபது முப்பது பெண்கள் தண்ணீர்த் தட்டில் படத்தை ஊறவைத்து, நகர்த்தி, ஒட்டித் துடைப்பார்கள். மேலே தகரக் கூரை. வெயில் ஏறினால் ஒட்டுவதற்கு முன்பே படம் காய்ந்து சுருண்டுவிடும். ஒட்டுகிறவர்களும் அப்படித்தான். பஞ்சு போட்ட பிறகும் அந்த வருடம் மாசியிலேயே கூடம் கொதித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கூடத்தின் நடுவில் நின்று பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் கூரைல ஒண்ணுமே இல்ல. இப்ப நாலு இஞ்சு பஞ்சு போட்டிருக்குது. இன்னும் சூடு சூடுன்னா என்னா அர்த்தம்? நடிப்பு!"

முந்தின நாள் ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். மறுநாள் முதல் வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் உட்காரும் பலகை காலியாகக் கிடந்தது. கூடத்துக்கு மேஸ்திரியாக இருந்த அம்மா, ஐம்பது வயதுக்காரர், தலை நிமிராமல் படம் ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"நடிக்கறதுக்கு எங்களுக்கு எங்க சார் நேரம்? ஒரு மணிக்கி இங்க வந்து குந்திப் பாருங்க."

"வாய மூடு," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் துபாய் பாயா? பாரு. பாத்து, இவங்க பொய்யி சொல்றாங்கன்னு சொல்லு."

மச்சான் எனக்கு முன்பே வந்து கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். பழி பஞ்சு செய்தவன் மேல் போகட்டும் என்று ஒருவர் பஞ்சு போலி எனச் சொல்லச் சொல்கிறார். இன்னொருவர் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லச் சொல்கிறார். நான் ஏணியைக் கேட்டேன்.

மிச்சமான ஒரு சுருள் உறை பிரிக்காமல் ஸ்டோரில் இருந்தது. உறையில் கனம் நாலு அங்குலம் என்றும், பக்கத்தில் எவ்வளவு சூட்டைத் தடுக்கும் என்ற எண்ணும் அச்சாகியிருந்தன. பிரித்தேன். அமுங்கிக் கிடந்த பஞ்சு சற்று நேரத்தில் உப்பி நாலு அங்குலத்துக்கு வந்து நின்றது. நல்ல பஞ்சு. போலி இல்லை. மச்சான் என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

சூளை ஓட்டுகிறவரிடம் தொட்டுப் பார்க்கும் வெப்பமானி இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலுக்குக் காத்திருந்து ஏணியில் ஏறினேன். சீலிங் பலகையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சில இடத்தில் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. மின்விசிறிக் கம்பியைச் சுற்றி ஐம்பத்தொன்று. சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு நீளமாக ஐம்பதுக்கு மேல். படித்த எண்களைக் கீழே நின்ற சூளைக்காரர் சுவரில் சாக்பீஸால் எழுதினார். ஒட்டுகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

சுவரோரம் ஒரு பலகையைக் கழற்றினேன். அங்கே பஞ்சே இல்லை. மேலே தகரம், கீழே பலகை, நடுவில் அனல். அடுத்த பலகையில் பஞ்சு இருந்தது. ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் இரண்டு விரல் சந்து. விசிறிக் கம்பி, டியூப்லைட் ஒயர் வருகிற இடத்திலெல்லாம் பிய்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள்.

"ரெண்டு விரல் சந்துல என்னாடா குடி முழுவிப் போச்சு?" என்றார் மச்சான் கீழேயிருந்து. "மிச்ச எடத்துல இருக்குதுல்ல?"

"சூடு எல்லா எடத்துலயும் சமமா எறங்காது மச்சான். எங்க தடை இல்லியோ அங்க கொட்டும். கொஞ்ச எடந்தான் தொறந்து கெடக்குது. ஆனா மூடுன எடம் செய்யற வேலைல பெரும்பாதிய அதுவே தின்னுடும்."

நடுக்கூடத்தில் இன்னொரு பலகையை இறக்கினேன். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வெறும் இரண்டு அங்குலம். அதற்குள் நாலு அங்குலப் பஞ்சை அமுக்கித் திணித்திருந்தார்கள்.

"நெருக்கி வச்சா இன்னும் கெட்டியாத்தான் தடுக்கும்," என்றார் மச்சான், முதலாளியைப் பார்த்து.

"தடுக்கறது பஞ்சு இல்ல மச்சான். பஞ்சுக்குள்ள அசையாம நிக்கற காத்து. நெருக்குனா ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாத் தடுக்கும், அது நெசந்தான். ஆனா நாலு அங்குலம் ரெண்டா போச்சே. மொத்தத்துல உறையில போட்டிருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அந்த எண்ணு முழுக் கனத்துல, காஞ்சு இருக்கறப்ப, சந்து இல்லாம வச்சு அளந்த எண்ணு."

காய்ந்து என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கையில் எடுத்த பஞ்சு கனத்தது. அடிப்பக்கம் பாலிதீன் தாள். அதற்கு மேல் ஈரம். இரண்டு ஜாண் சதுரம் அறுத்துக்கொண்டு இறங்கினேன். புதுச் சுருளிலும் அதே அளவு அறுத்தேன். மண்ணும் பொடியும் நிறுக்கிற தராசில் இரண்டையும் வைக்கச் சொன்னேன். கூரையிலிருந்து வந்த துண்டு புதுசைவிட மூன்று பங்குக்கு மேல் எடை காட்டியது. தரையில் போட்டால் உப்பவும் இல்லை. நனைந்த கம்பளி மாதிரிச் சப்பையாகவே கிடந்தது.

"ஐப்பசி மழைல வெளிய கெடந்துச்சி," என்றார் மேஸ்திரி அம்மா. யாரும் அவரைக் கேட்கவில்லை. "ஒரு வாரம் கெடந்துச்சி. கிழிஞ்ச தார்ப்பாய் போட்டிருந்தாங்க. ஈரத்தோடயே தூக்கிட்டுப் போனாங்க, நாங்க பாத்தோம்."

ஆணி அடித்த ஓட்டைகள் வழியாக மார்கழி வரை கூரையும் ஒழுகியிருக்கிறது. மேலே தகரம், கீழே பாலிதீன். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பகலில் தகரத்துச் சூட்டில் ஆவியாகி, கீழே இறங்கி, பாலிதீனில் மறுபடி தண்ணீராகும். அப்படி இறங்கும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு வரும். காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் பஞ்சு பஞ்சாக வேலை செய்யாது. இதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஸ்டோருக்குள் வைத்து மச்சானிடம் முதலில் காட்டியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. தராசின் முள் நகர்ந்தபோது அவர் முகத்தைத்தான் பார்த்தேன். பந்தியில் சிரித்த முகங்கள் ஞாபகம் வந்தன. சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

முதலாளி மச்சான் மேல் பாய்ந்தார். "யோவ் பாய், திருட்டு வேல பண்ணிட்டு என் ஆளுங்கள என்கிட்டயே திட்டு வாங்க வச்சியா?"

மச்சானும் விடவில்லை. "சீலிங்க நாலு இஞ்சு எறக்கணும்னு நான் சொல்லல? லைட்ட மாத்த மாட்டேன், விசிறிய மாத்த மாட்டேன், இருக்கற எடத்துல அடின்னு சொன்னது யாரு? மழையில போடாத, காயட்டும்னு நான் சொன்னப்ப தீவாளிக்கி முன்னாடி முடின்னு குதிச்சது யாரு?"

எனக்கு இது தெரியாது. நான் முதலாளியைப் பார்த்தேன். "அப்படிச் சொன்னீங்களா சார்?"

"உன்ன கூரைய பாக்கக் கூப்புட்டேன். என்ன விசாரிக்க இல்ல."

"சொல்லியிருந்தா தப்புல பாதி உங்களுது."

"எறங்குடா வெளிய!" என்றார்.

நான் வெப்பமானியைச் சூளைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்த மச்சான் என் சட்டையைப் பிடித்தார். "என்ன அம்மணமா நிக்க வச்சிட்டு, கடைசில ஞாயம் பேசறியா? உன் அக்கா மூஞ்சிக்காக உட்டுட்டுப் போறேன்." கையை எடுக்கும்போது இரண்டு பட்டன் தெறித்தது.

மூன்று நாள் கழித்து முதலாளியே ஆள் அனுப்பினார். ஒட்டிய சரக்கில் பாதிக்கு மேல் படம் சுருங்கித் திரும்பி வந்திருந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. மச்சான் தன் ஆட்களை வைத்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும், நான் நின்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டத்திலிருந்து மரக்கட்டை கொடுத்துச் சீலிங்கை இறக்கினோம். ஆணி ஓட்டைகளை அடைத்தோம். ஈரப் பஞ்சு முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பஞ்சைத் துண்டோடு துண்டு முட்ட, அமுக்காமல் வைத்தோம். கம்பியைச் சுற்றி அளந்து வெட்டினோம். பதினோரு நாள். மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தாளக் கேளு, இது போதுமான்னு" என்று தன் ஆட்களிடம் சொல்வார். நானும், "அவர்கிட்ட சொல்லு, இன்னும் ஒரு விரல் விடணும்னு" என்பேன். நடுவில் நின்ற ஆட்கள்தான் பாவம், திரும்பித் திரும்பிக் கழுத்து நோகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சித்திரை வெயிலில் மறுபடி அளந்தோம். பலகை முழுவதும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கூடம் குளிர்ந்துவிடவில்லை. உட்கார முடிந்தது. மேஸ்திரி அம்மா அதற்காக யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "அந்தப் பொண்ண திரும்பக் கூப்புடுங்க சார்," என்றார் முதலாளியிடம். "அத பத்தி பேசாத," என்றார் அவர். மயங்கி விழுந்தவளை அவர்கள் கடைசிவரை கூப்பிடவே இல்லை.

அந்த வாரம் அக்கா வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நீ சொன்னது நெசமாவே இருக்கட்டும். அத்தன பொம்பளைங்க முன்னாடி தராசுல போட்டு நிறுத்துத்தான் சொல்லணுமா?"

"அவங்கதானே அக்கா சூட்டுல வெந்தாங்க. அவங்க முன்னாடிதான் சொல்லணும்."

"அதுக்காகத்தான் சொன்னியா?"

அக்காவுக்கு என்னைச் சிறு வயதிலிருந்தே தெரியும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அந்த வருடப் பெருநாளுக்கு அக்கா வீட்டுக்கு நான் சோறு போட்டு அனுப்பிய தூக்குச்சட்டி, மூடி திறக்காமல், கொண்டுபோன பையன் கையிலேயே திரும்பி வந்தது.