DSC_4416 மட்டும்

எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வணக்கம் கிடையாது, 'எப்படி இருக்கீங்க விநாயகம்' கிடையாது. வெறும் DSC_2031, DSC_2038 என்று வரிசையாக வந்து விழும். கல்யாணம் முடிந்ததும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுப்போம். வீட்டில் கூடி உட்கார்ந்து, ஆல்பத்துக்கு வேண்டியதைப் பொறுக்கி, அந்தப் போட்டோக்களின் பெயரை அனுப்புவார்கள். செஞ்சியில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம்.

"கடன்காரனுக்கு பதில் சொல்ற மாதிரி அனுப்பறாங்க பாரு" என்று நான் கத்துவேன்.

"அவங்க வீட்ல அந்த நம்பருக்கு எவ்ளோ சண்டை நடந்துச்சோ, விடுங்கண்ணே" என்பாள் சுமலதா.

சுமலதாதான் எங்கள் கடையின் ஆல்பம் டிசைனர். மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கால்களை நாற்காலியின்மேல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடியே வேலை செய்வாள். முகூர்த்த மாதத்தில் கடையே தலைகீழாக நிற்கும்போதும் அவளுக்குக் கோபம் வராது. அதைப் பார்த்து எனக்குத்தான் இன்னும் கோபம் வரும்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. ஆல்பம் கொடுத்து முடித்ததும், தேர்வாகாத போட்டோக்களை அழித்துவிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஹார்ட் டிஸ்க் என்ன, செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியமா, கொட்டக் கொட்டக் கொள்ள? அவளும் அழிப்பாள். ஆனால் சிலதை மட்டும் 'இருக்கட்டும்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பாள். வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் முகம் வாடினால் போதும், அந்தப் போட்டோ அங்கே போய்விடும். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "சரிண்ணே" என்பாள். அவ்வளவுதான்.

சிங்கவரத்து வளவன் தன் கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கக் கடைக்கே வந்தபோதும் இதுதான் நடந்தது. கூடவே அவனுடைய அம்மா மீனம்பாளும் வந்திருந்தார்.

"4416 வேணாம்" என்றான் வளவன்.

"இருக்கட்டும்டா" என்றார் அம்மா.

"வேணாம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா இன்னா நினைப்பாங்க? 4416-ஐ எடுத்துடுங்க."

"4416-ல தான் உங்க நைனா உங்க நைனாவாட்டம் இருக்காரு."

பெயரைப் போலவே அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டார்கள். போட்டோவில் இருந்தவர் வளவனின் அப்பா இளையபெருமாள். மேடைக்கென்று வாங்கிக் கொடுத்த பட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சமையல் பந்தலுக்குப் பின்னால் தலையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மழிக்காத தாடி. பல் தெரியச் சிரிப்பு. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கி வளர்ந்த மனிதர், மேடையில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? கடைசியில் மகன் சொன்னதுதான் நடந்தது. மீனம்பாள் திரையில் தெரிந்த கணவரின் முகத்தை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டு எழுந்து போனார். ஆல்பமும் தயாராகிப் போய்விட்டது.

அப்புறம் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நான் கடைக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தேன். போன் கிணுகிணுத்தது. வளவன்.

DSC_4416.

வேறு எதுவும் இல்லை.

"ஆல்பம் கொடுத்தாச்சு, இன்னும் இன்னா நம்பரு இவனுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். சுமலதா அந்தக் கல்யாண ஃபோல்டரைத் திறந்தாள். 4416 இருந்தது. சீர்வரிசைத் தட்டுகளின் படம். அந்தப் பழைய சண்டை எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை; அதை அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. மறுபடியும் DSC_4416.

சுமலதா போனையே பார்த்தாள். "நாம அனுப்பினது வேற படம்ணே. அந்தக் கல்யாணத்துக்கு ரெண்டு கேமரா போச்சு இல்ல?"

கேமரா ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு போகும். 9999 வரை போய்விட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டு கேமராவிலும் ஒரே நம்பர் விழுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இரண்டாவது கேமராவின் 4416 ஆல்பத்தில் இல்லாதது. என் சட்டப்படி அது அழிந்திருக்க வேண்டும்.

வளவனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. சுமலதா அதற்குள் 'இருக்கட்டும்' ஃபோல்டரைத் திறந்துவிட்டாள். அங்கே இருந்தார் இளையபெருமாள், அண்டாவின் பக்கத்தில். முழுப் படத்தையும் அனுப்பினாள். முகம் பெரிதாகத் தெரியும்படி வெட்டி இன்னொன்றும் அனுப்பினாள்.

"முகத்த எதுக்கு வெட்டி அனுப்பற?"

"ஆல்பத்துல வேணாம்னு சொன்ன புள்ள, ஒரு வார்த்தகூட எழுத முடியாம ரெண்டு வாட்டி கேக்குதுண்ணே. அவரத் தேடறாங்களோன்னு தோணுது."

கொஞ்ச நாளாக இளையபெருமாளுக்கு மறதி என்று நாங்கள் இருவருமே கேள்விப்பட்டிருந்தோம்.

மதியம்தான் வளவன் கூப்பிட்டான். திருவண்ணாமலைக்குக் குடும்பத்தோடு கிரிவலம் போயிருக்கிறார்கள். கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்டுவிட்டார்கள். விடிய விடியத் தேடியிருக்கிறார்கள். மேடையில் பட்டுச் சட்டை, மாலையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்த படத்தைத்தான் போலீஸுக்கும் அன்னதானக்காரர்களுக்கும் காட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. காலையில் ஒரு போலீஸ்காரர், "தினமும் எப்படி இருப்பாரோ அப்படி ஒரு போட்டோ இல்லியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். இவன் போனில் இல்லை. பென்டிரைவ் அனந்தபுரத்தில் மாமனார் வீட்டில்.

"எங்க அம்மா '4416, 4416'ன்னு அழுதாங்கண்ணே. அத மட்டும்தான் என்னால அடிக்க முடிஞ்சுது."

படம் போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு அன்னதானப் பந்தலிலிருந்து ஆள் வந்துவிட்டதாம். "இவரா? ராத்திரிலருந்து எங்க அண்டாவுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்காரு. பேரு கேட்டா சிரிக்கிறாரு." ஓடிப் பார்த்தால், தலையில் அதே பச்சைத் துண்டு. போட்டோவில் இருந்தது போலவே நின்றுகொண்டிருந்தாராம்.

போனை வைத்துவிட்டுச் சுமலதாவைப் பார்த்தேன். அவள் வேறு யாருடைய நலங்கு படத்துக்கோ வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முகம் வாடியதற்காக அவள் எடுத்து வைத்தது, ஒரு மனிதனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. பாராட்டத்தான் வாயெடுத்தேன். "ஹார்ட் டிஸ்க் பத்தலன்னா சொல்லு, புதுசு வாங்கிடலாம்" என்றுதான் வந்தது.

"சரிண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். அந்தப் படத்தையும் ஆல்பத்தில் சேர்க்க முடியுமா என்று வளவன் கேட்டான். தைத்து முடித்த ஆல்பத்தில் புதுப் பக்கம் சேர்க்க வழியில்லை. அதைச் சுமலதா முன்பே யோசித்து, பெரிதாகப் பிரின்ட் போட்டு, கண்ணாடி பிரேமுக்குள் வைத்திருந்தாள். மீனம்பாள் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

இளையபெருமாள் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு? நல்லா வேல செய்வான் போலருக்குது" என்றார்.

வளவன் அவர் காலடியில் குந்தினான்.

"எங்க நைனா" என்றான்.