வடிகட்டி விளக்கை நான் அணைத்த காலை

பிள்ளைகளே, நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை இதில் எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததை மட்டும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நான் கரண்டு வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டோரின் முன்பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அறை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கி, மெசினையெல்லாம் பார்த்துவிட்டு, அங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த அறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண். புருசன் இல்லாதவள், ஒரே ஒரு பெண் பிள்ளை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை, கை சுத்தம் என்று ஸ்டோருக்குப் பொறுப்பாயிருந்த பழைய ஐயா அந்த அறைக்கு எடுத்தார். மழையில் நனையாத வேலை, அட்டை கடிக்காத வேலை. லயத்தில் பாதிப் பேருக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல்.

அறையின் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெசின் ஒன்று மாட்டியிருக்கிறது. மலைமேல் உள்ள தாங்கியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் முதலில் ஒரு வெள்ளை வடிகட்டிக்குள் போகும், பிறகு சின்னப் பம்பு அதை மற்ற வடிகட்டிகளுக்குள் தள்ளும், கடைசியில் மேலே உள்ள தொட்டியில் சேரும். பின்நேரம் வீட்டுக்குப் போகும்போது அவள் அதில் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போவாள். மழைக்காலத்தில் லயத்துப் பீலிக் குழாயில் சேறுதான் வரும். அவள் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம். பழைய ஐயாவே பிடித்துக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தச் சொல்லும் அவரோடு போய்விட்டது.

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் காலையில் புது ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தண்ணீர் மெசினில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

“என்னப்பா இது? பத்து மணிக்கு ரெண்டு வேன் வருது. செவப்பு லைட்டப் பாத்துட்டு அவன் குடிப்பானா?”

“பில்டர் மாத்தச் சொல்ற லைட்டுங்க ஐயா. புதுசு வேணும்னு ஆபீசுல போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன்.”

“வர்றப்ப வரட்டும். இப்ப லைட்ட அணை.”

மெசின்காரன் முன்பு வடிகட்டி மாற்றியபோது ஒரு பொத்தானை ஐந்தாறு விநாடி அமுக்கிப் பிடித்ததைப் பார்த்திருந்தேன். நானும் அமுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். சிவப்பு அணைந்தது.

“மஞ்ச?” என்றார் ஐயா.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. “அது கரண்டு ஏறி எறங்குறதுங்க ஐயா. மேல மாடியில கொழுந்து வாட்டுற பேன் போட்டா எல்லா லைட்டுந்தான் மினுக்குது.” எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். கரண்டுக்காரன் விளக்கைப் பற்றித் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“ஆளு கெட்டிக்காரன்தான்” என்று ஐயா என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விளக்கு அணைந்ததே தவிர தண்ணீர் கூடவில்லை. ஒரு வாரம் போனது. ஒரு நாள் பெரிய வேன் ஒன்று வந்து நின்றபோது, தொட்டியில் மூன்று கோப்பைக்குத்தான் தண்ணீர் இருந்தது. தோட்டத்துக்கே பெரியவரான துரையும் அன்றைக்கு அங்கே இருந்தார். ஐயாவுக்கு அவமானம்.

“செவப்பு லைட்டு எரியல, மெசினு நல்லாத்தான் இருக்கு. அப்ப தண்ணி எங்க போகுது?” என்று அவர் கத்த, கேட்டில் நிற்கும் வாச்சர் மெதுவாக வாயைத் திறந்தார்.

“நான் சொல்லக் கூடாதுதான் ஐயா. அந்தப் பொம்பள தெனம் போத்தல்ல கொண்டு போகுது. ஒரு போத்தலா, நாலு போத்தலா, சேலைக்குள்ள யாரு தேடுறது?”

மறுநாள் காலை ஸ்டோர் வராந்தாவில் விசாரணை. மேசைமேல் அவளுடைய போத்தலை வைத்திருந்தார்கள். மூடி உடைந்து, பொலித்தீன் சுற்றிக் கட்டிய பழைய சோடாப் போத்தல். வேலையாட்கள் சுற்றி நின்றார்கள்.

“இது யாருது?”

“என்னுதுதாங்க ஐயா.”

“தண்ணி கொண்டு போனியா, இல்லையா?”

“கொண்டு போனேங்க. ஒரு போத்தல்தாங்க. பழைய ஐயாதான்…”

“பழைய ஐயாவ கூட்டிட்டு வா, கேப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். “வெள்ளைக்காரன் தண்ணியில குளிக்கிறாளோ என்னவோ, அதான் மினுக்குறா” என்றார் வாச்சர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

ஐயாவும் என்னைத்தான் பார்த்தார். “நீ சொல்லுப்பா. மெசினுல பழுது இருக்கா?”

சிவப்பு விளக்கு எரிந்தது, நீங்கள் சொல்லித்தான் நான் அணைத்தேன், தண்ணீர் அன்றைக்கே குறைவாகத்தான் வந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஐயாவின் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

“செவப்பு லைட்டு எரியலைங்க ஐயா” என்றேன்.

அதில் பொய்யே இல்லை பாருங்கள். ஒரு பொய்யும் சொல்லாமல் அவள் வேலையைப் பறித்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் அவளை மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். அவள் இடத்துக்கு வாச்சரின் மருமகள் வந்தாள்.

புதிய ஆள் வந்தும் தண்ணீர் வரவில்லை. அதன்பிறகுதான் ஹட்டன் டவுனிலிருந்து மெசின்காரனைக் கூப்பிட்டார்கள். சிங்களப் பையன், தமிழும் பேசுவான். நான்தான் கூட நின்றேன். வந்தவுடனே அவன் மெசினைக் கழற்றவில்லை. முதலில் சுவர்க் குழாயை ஒரு வாளிக்குள் திறந்துவிட்டுப் பார்த்தான். தண்ணீர் பீறிட்டது.

“மலையில இருந்து தண்ணி நல்லா வருது அண்ணே. அப்ப அடைப்பு உள்ளதான்.”

குழாயை மூடிவிட்டு வெள்ளை வடிகட்டியின் கூட்டைத் திருகினான். உள்ளே இருந்தது வெள்ளையாக இல்லை. பிசைந்த களிமண் மாதிரி, விரல் வைத்தால் வழுக்கியது. மஞ்சள் விளக்கைக் காட்டி, இது கரண்டு விளக்கா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

“கரண்டு இல்ல அண்ணே. வடிகட்டி தாண்டி, பம்புக்கு முன்னால ஒரு சென்சர் இருக்கு. தண்ணி அமுக்கம் பத்தலன்னா பம்ப நிப்பாட்டும். தண்ணி இல்லாம ஓடுனா பம்பு எரிஞ்சி போகும்தானே. கொஞ்சம் அமுக்கம் சேந்தா திரும்ப ஓடும், ஒடனே நிக்கும். அதான் மினுக்கும், அதான் தண்ணி கொஞ்சமா வரும்.”

“செவப்பு?”

“அது டைமர். நாள் மட்டும்தான் எண்ணும். அழுக்கு இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. வடிகட்டி மாத்துன பொறகு பட்டன அமுக்கணும், முதல்ல இருந்து எண்ணும். மாத்தாம அமுக்குனா, புதுசு போட்டாச்சின்னு மெசினு நெனைச்சிக்கும். யாரோ அப்படிச் செஞ்சிருக்காங்க. இங்க மழைக்கு டைமர் முடியிற முன்னாலயே மண்ணு அடைச்சிரும். ரெண்டு லைட்டையும் பாக்கணும்.”

புதிய வடிகட்டிகளைப் போட்டுக் குழாயைத் திறந்தான். பம்பு நிற்காமல் ஒரே சத்தமாக ஓடியது. மஞ்சள் அணைந்தே இருந்தது. மத்தியானத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. ஐயா வந்து பார்த்தார்.

“அந்தச் செவப்பு லைட்டு தானா அணைஞ்சிருக்குமோ?” என்றார் அவனிடம்.

“தானா அணையாது சேர். யாராச்சும் அமுக்கணும்.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அவன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போன பிறகு, வாயில் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டுகிறவன் மாதிரி அவசரமாகக் கேட்டேன்.

“ஐயா, அந்தப் பொம்பளையத் திரும்ப எடுத்தா…”

“எதுக்கு? போத்தல் கொண்டு போனேன்னு அவளே ஒத்துக்கிட்டாதானே? இல்ல, நீ போயி தொரைகிட்ட பட்டன அமுக்கச் சொன்னது யாருன்னு சொல்லப்போறியா? சொல்லு. ஆனா கரண்டு ஏறி எறங்குதுன்னு சொன்னது யாருன்னு நானும் சொல்லுவேன்.”

நான் சொல்லவில்லை. அன்று பின்நேரமே, தண்ணீர் வெளியே கொண்டுபோகத் தடை என்று ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னிடம்தான் சொன்னார். எழுதி ஒட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கொழுந்து நிறுக்கும் தராசு வேலை செய்யவில்லை என்று என்னை மலைக்கு அனுப்பினார்கள். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவளும் நின்றாள். காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, “தள்ளிப் போங்கடி, பில்டர் தண்ணியம்மா வர்றாங்க, மேல பட்டுறப் போகுது” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் திரும்பவில்லை. கூடையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள்.

“மெசினு சரியாயிருச்சாமே அண்ணே?”

“ம்.”

“நீங்க அந்த செவப்பு லைட்ட அணைச்சப்ப, கேத்தல வச்சிக்கிட்டு நான் பின்னாலதான் நின்னேன்.”

“அப்ப அன்னைக்கி நீயே சொல்லிருக்கலாமே தங்கச்சி?”

“நான் சொன்னா திருடி சொல்றதுன்னு ஆயிரும். நீங்க சொன்னாதான் அது சாட்சி.” நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். “இப்பயாவது சொல்லுவீங்களா?”

“தராசு பாக்கணும், ஆளுங்க நிக்கிறாங்க” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வரிசைக்குப் போனாள். ஒரு திட்டுத் திட்டியிருந்தாலும் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தராசில் ஒரு கம்பி மட்டும்தான் கழன்றிருந்தது. அதை மாட்ட எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

அந்த மாதம்தான் சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூடப் படிக்கிற ஒரு பிள்ளையை எல்லாரும் “பில்டரு” என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தப் பிள்ளை கண்ணீர் விட்டு அழுதால், “பில்டரு ஒழுகுது” என்று கத்துவார்களாம். அவனும் கத்தினானாம். நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன். அதுவரை உங்களில் ஒருவரையும் நான் முகத்தில் அடித்ததில்லை. அவன் அழுதுகொண்டே கேட்டான், “எல்லாருந்தான் சொல்றாங்க, என்னய மட்டும் ஏன் அடிக்கிறீங்க? அவங்கம்மா தண்ணி திருடுனாங்கதானே அப்பா?”

“போய்ப் படி” என்றேன். உங்கள் அம்மாவும் வாசலில் நின்று என் பதிலுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குப் பதில்: இல்லை மகனே, திருடவில்லை. இதைத் துரையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்னும் மலையில்தான் இருக்கிறாள்.